ரேடார் வரைபடத்தில் ஒரு மாணவரின் மதிப்பெண்

ரேடார் வரைபடத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் மையத்திலிருந்து ஒரு கோடு வெளியே நீள்கிறது. மையம் பூஜ்யம், வெளிமுனை நூறு. மாணவர் வாங்கிய சதவீதத்தை அந்தந்தக் கோட்டில் புள்ளியாக வைத்து இணைத்தால் ஒரு பலகோணம் கிடைக்கும். வகுப்புச் சராசரியை வேறு நிறத்தில் அதேபோல் வரைவார்கள். ஒரு பாடத்தில் மாணவரின் புள்ளி சராசரிக்கு வெளியே இருந்தால் அவர் முந்தியிருக்கிறார், உள்ளே இருந்தால் பின்தங்கியிருக்கிறார். இந்த அளவுக்குப் படம் சொல்வது சரி.

ஆனால் கண் கோடு கோடாகப் பார்ப்பதில்லை; எந்த உருவம் பெரிது என்றே பார்க்கிறது. ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. பிளஸ் டூ மாணவர் ஒருவர் தமிழ், ஆங்கிலம், உயிரியல் மூன்றிலும் 90, இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் 40 வாங்கியதாக வைத்துக்கொள்வோம். வகுப்புச் சராசரி ஆறிலும் 65. மாணவரின் மொத்தம் 390, வகுப்பின் சராசரி மொத்தமும் 390. ஆக, இருவரும் சமம். பாடங்களை மேலே சொன்ன வரிசையிலேயே சுற்றி அடுக்கினால் மாணவரின் உருவம் வகுப்பின் உருவத்தைவிடப் பரப்பில் சுமார் 5 சதவீதம் பெரிதாகிறது. 90-க்குப் பக்கத்தில் 40 வருமாறு மாற்றி மாற்றி அடுக்கினால் அதே மாணவர் சுமார் 15 சதவீதம் சிறுத்துப்போகிறார். மதிப்பெண் ஒன்றுகூட மாறவில்லை. அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு நடுவிலுள்ள முக்கோணத்தின் பரப்பு அந்த இரண்டு மதிப்பெண்களின் பெருக்கலைச் சார்ந்தது என்பதால், உயர்ந்த மதிப்பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் உருவம் பருத்துவிடுகிறது. இதே காரணத்தால், எல்லாப் பாடத்திலும் 80 வாங்கியவரின் உருவம் 40 வாங்கியவருடையதைப் போல இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு தெரியும்.

மையம் பூஜ்யத்தில் தொடங்காவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மையத்தை 60 என்று வைத்தால் 65-க்கும் 72-க்கும் உள்ள வித்தியாசம், 5-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசம்போலக் காட்சி தரும்.

பெற்றோர் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று, சராசரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பரவல். தமிழில் சராசரி 80, ஏறக்குறைய எல்லோரும் 75-க்கும் 85-க்கும் நடுவில் இருக்கிறார்கள் என்றால், 72 வாங்கியவர் வகுப்பின் கடைசிச் சிலரில் ஒருவர். கணிதத்தில் சராசரி 55, மதிப்பெண்கள் 10 முதல் 95 வரை சிதறியிருக்கின்றன என்றால், 47 வாங்கியவர் நடுவாந்தரம்தான். படத்தில் இரண்டுமே சராசரிக்கு 8 குறைவு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

பொதுவான ஒரே அளவுகோலில் வைத்த புள்ளிகளை மனிதர்கள் துல்லியமாக ஒப்பிடுகிறார்கள், பரப்பை ஒப்பிடுவதில் தடுமாறுகிறார்கள் என்று கிளீவ்லாண்டும் மெக்கில்லும் 1984-இல் சோதனைகள் மூலம் காட்டினார்கள். எனவே ரேங்க் கார்டுக்கு ஏற்றது பாடத்துக்கு ஒரு கிடைக்கோடு: அதில் வகுப்பின் குறைந்த, நடு, உயர்ந்த மதிப்பெண்களையும் மாணவரின் புள்ளியையும் குறித்தால் போதும். ரேடார் படம்தான் கைக்கு வந்தது என்றால், பெற்றோர் முதலில் மையத்தில் என்ன எண் இருக்கிறது என்று பார்க்கட்டும்; பிறகு உருவத்தை விட்டுவிட்டுப் புள்ளிகளை மட்டும் படிக்கட்டும்.