அப்பாவின் முகம் நாற்பது அடித் திரையில்

தியேட்டரில் இடைவேளை விளம்பரம் போட விரும்பிய ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், காலமான தன் அப்பா பேசும் கிளிப் ஒன்றை அனுப்பினார். பழைய பட்டன் போனில் எடுத்தது. 320 x 240 பிக்ஸல். "போன்ல பளிச்சுன்னுதானே இருக்கு? ஃபுல் ஸ்கிரீனுக்கு இழுத்துப் போடுங்க தம்பி" என்று மூன்றாவது முறையும் கேட்டார். அவருக்கு நான் எழுதிய பதில் இது.

அண்ணாச்சி, போனில் இந்தப் படத்தின் அகலம் நாலைந்து அங்குலம். அதற்குள் 320 புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிவதில்லை. தியேட்டர் திரை 40 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 320 புள்ளிகள் அந்த அகலத்தை நிரப்ப வேண்டுமானால் ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலம் ஆகிவிடும்.

கிளிப்பை நிறுத்தி எண்ணிப் பார்த்தேன். அப்பாவின் ஒரு கண்ணுக்குச் சுமார் பத்துப் புள்ளிகள்தான் இருக்கின்றன. பெரிதாக்கும்போது சாஃப்ட்வேர் பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைக் கலந்து இடைவெளியை நிரப்பும். இமை முடியும் கண்ணோர ச் சுருக்கமும் கேமராவில் பதியவே இல்லை. அதை எந்த எடிட்டராலும் மீட்க முடியாது.

இதைவிடக் கெடுதல் ஒன்று உண்டு. அந்தக் கால போன்கள் இடத்தைச் சேமிக்க, படத்தை 8 x 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கின. திரையில் ஒவ்வொரு கட்டமும் ஓர் அடிச் சதுரம். அப்பா தலையை அசைத்தால் கன்னத்தில் சதுரங்கள் நகரும். படம் சதுர வாக்கானது, திரை நீளமானது; அகலத்தை நிரப்பினால் மேலும் கீழுமாகக் கால்வாசிக்கு மேல் வெட்டுப்படும். வெட்டாமல் பக்கவாட்டில் மட்டும் இழுத்தால் முகம் உப்பிவிடும். அவரை அறிந்த ஊர்க்காரர்கள் முன்னால் அப்படிக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அந்தப் பழைய போனையோ மெமரி கார்டையோ தேடுங்கள். எனக்கு வந்தது வாட்ஸ்அப்பில் கைமாறிய பிரதி. மூலம் இதைவிடப் பெரிதாக இருக்கலாம். கிடைத்தால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

கிடைக்காவிட்டால், கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கும் அப்பாவின் போட்டோவைக் கொடுங்கள். நல்ல ஸ்கேனரில் 600 டிபிஐ வைத்து எடுத்தால், 6 x 4 அங்குலப் படமே 3600 x 2400 பிக்ஸல் தரும். தியேட்டரின் 2கே படத்துக்கு 1998 x 1080 போதும். போட்டோ திரை முழுக்க நிற்கட்டும், கிளிப்பின் குரல் அதன்மேல் ஓடட்டும். குரலும் போன் பேச்சு மாதிரிதான் கேட்கும். அதனால் சொற்களைக் கீழே எழுத்தில் போடுகிறேன். அவர் சிரிக்கும் அந்த இரண்டு விநாடிக்கு மட்டும் கிளிப்பை இரு மடங்காக்கி நடுவில் வைக்கிறேன். அப்போதும் அது பன்னிரண்டு அடிக்கு மேல் அகலம்.

இரண்டு விதமாகவும் பத்துப் பத்து விநாடி செய்து தருகிறேன். காலைக்காட்சிக்கு முன்னால் தியேட்டரில் ஓட்டச் சொல்லி, நடுவரிசையில் உட்கார்ந்து பாருங்கள். பார்த்த பிறகு நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.