சமையல் மேடையும் இரண்டு நிமிடமும்

சத்துணவுக் கூடமொன்றைப் பார்வையிடச் சென்றபோது, சமையலர் கடப்பைக்கல் மேடையில் குளோரின் நீரைத் தெளித்த உடனேயே துணியால் துடைத்துவிடக் கண்டேன். "மருந்தை இரு மடங்காகக் கலந்திருக்கிறேன், ஐயா" என்றார் அந்த அம்மையார். எனினும் பயன் குறைவே. காரணத்தை விளக்கினேன்.

முதலில் மேடையைச் சோப்புத்தூள் கரைசலால் தேய்த்து, நல்ல நீரால் அலச வேண்டும். சோப்பு எண்ணெயையும் கஞ்சிப் பசையையும் அகற்றும். பிசுக்கு எஞ்சியிருப்பின் குளோரின் அதனோடு சேர்ந்து வீணாகிவிடும்.

5 சதவீதக் குளோரின் திரவமாயின், ஒரு லிட்டர் குளிர்ந்த நீருக்கு 4 மில்லி லிட்டர் போதும். அதில் 200 மில்லிகிராம் குளோரின் இருக்கும். அது கிருமியின் மேலுறையைத் தாக்கி உட்புக நேரம் வேண்டும். ஆதலின் மேடை 2 நிமிடமேனும் ஈரமாக இருத்தல் அவசியம்; இடையில் உலர்ந்தால் மீண்டும் தெளிக்க வேண்டும். பின்னர்த் துடைக்காமல் காற்றில் உலர விடலாம்.

அளவை மிகுத்தால் உணவில் வாடை ஏறும். உலோகப் பாத்திரம் அரிக்கும். கலந்த நீர் நாளடைவில் வலுவிழக்குமாதலால் அன்றன்று கலப்பதே முறை. அமிலத்தோடு சேர்த்தலோ ஆகவே ஆகாது, நச்சுவாயு எழும்.

அக்கூடத்தில் இப்போது மருந்து பாதியாயிற்று. காத்திருக்கும் நேரம் மட்டும் கூடியது.