வேட்பாளர் பிரமாணப் பத்திரங்களிலிருந்து தரவுச் செய்தி: ஒப்பீட்டு நெறிகள்

முன்னுரை

உச்ச நீதிமன்றம் 2002, 2003ஆம் ஆண்டுகளில் வழங்கிய தீர்ப்புகளின் விளைவாக, இந்தியாவில் தேர்தலில் போட்டியிடுவோர் தம் சொத்துகளையும் வழக்குகளையும் பிரமாணப் பத்திரத்தில் அறிவிக்க வேண்டியவராயினர். இன்று இது படிவம் 26 எனப்படுகிறது. மீண்டும் போட்டியிடும் ஒருவரின் இரு பத்திரங்களை ஒப்பிட்டு, 'சொத்து இத்தனை விழுக்காடு உயர்ந்தது' என எழுதுவது தரவுச் செய்திகளில் பெருவழக்காகும். இவ்வொப்பீட்டை எங்ஙனம் பிழையின்றிச் செய்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சொத்து ஒப்பீடு

கற்பனையான ஒரு வேட்பாளரைக் கொள்வோம். அவரது குடும்பச் சொத்து 2016இல் 2 கோடி ரூபாய், 2021இல் 3.5 கோடி. உயர்வு 75 விழுக்காடு. இத்துடன் நின்றால் வாசகர் ஐயமே கொள்வர்.

படிவத்தில் ஒவ்வொரு நிலத்திற்கும் புல எண், பரப்பு, பரம்பரைச் சொத்தா என்பது, வாங்கிய நாள், வாங்கிய விலை, தற்போதைய சந்தை மதிப்பு ஆகியவை கேட்கப்படுகின்றன. இரு பத்திரங்களிலும் ஒரே புல எண்ணும் ஒரே பரப்பும் கொண்ட பூர்விக நிலம் 1.2 கோடியிலிருந்து 2.2 கோடியாகக் காட்டப்பட்டிருப்பின், அந்த ஒரு கோடி விலையேற்றமே அன்றிப் புதிய சொத்தன்று. எஞ்சும் 50 லட்சம் அசையும் சொத்தின் உயர்வு. அதே காலத்தில் கடன் 10 லட்சத்திலிருந்து 45 லட்சமாக ஏறியிருந்தால், நிகர உயர்வு 15 லட்சம் மட்டுமே. 2019 முதல் படிவத்தில் இடம்பெறும் ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கில் குடும்ப வருமானம் 40 லட்சம் எனில், இவ்வுயர்வு வருமானத்திற்குள் அடங்கிவிடுகிறது. மாறாக, முந்தைய பத்திரத்தில் இல்லாத புல எண் ஒன்று புதிதாகத் தோன்றினால், அதன் வாங்கிய நாளும் விலையுமே செய்தியாளர் முதலில் பார்க்க வேண்டியவை. வாங்கிய நாள் 2016க்கு முந்தையதாயின், அது அப்போதே ஏன் அறிவிக்கப்படவில்லை என்னும் வினா எழுகிறது.

வழக்கு ஒப்பீடு

வழக்குகளின் எண்ணிக்கையில் வேறொரு சிக்கல் உண்டு. 2016இல் நடப்பிலிருந்த படிவம், நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்த அல்லது விசாரணைக்கு ஏற்ற வழக்குகளையே கேட்டது. முதல் தகவல் அறிக்கை நிலையில் நின்றவற்றுக்கு அதில் இடமில்லை. 2018இல் திருத்தப்பட்ட படிவம் நிலுவையிலுள்ள வழக்குகள் அனைத்தையும் கேட்கிறது. ஆகவே 2016இல் 'இல்லை' என்பதும் 2021இல் 'நான்கு' என்பதும் குற்றம் பெருகியதைக் காட்டாமல், வினா மாறியதைக் காட்டலாம். குற்றச்சாட்டு வனையப்பட்டதா என்னும் கட்டத்தைக் கொண்டு அவ்வகை வழக்குகளை மட்டும் இரு ஆண்டுகளிலும் எண்ணி ஒப்பிடுதல் தகும்; அனுமதியின்றிப் போராடியதற்கான வழக்கையும் கொலை முயற்சி வழக்கையும் சட்டப் பிரிவு பார்த்துப் பிரித்துக் காட்டுதலும் வேண்டும்.

முடிவுரை

சந்தை மதிப்பு வேட்பாளரே கணித்துத் தருவது. மறைக்கப்பட்ட சொத்து பத்திரத்தில் தென்படாது. எனவே மொத்தத் தொகையைவிடப் புல எண், நாள், சட்டப் பிரிவு ஆகியவையே பிற ஆவணங்களோடு பொருத்திச் சரிபார்க்கத்தக்க சான்றுகளாகின்றன.