மிச்சம் என்று நினைத்த ஏழாயிரம்

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் மாமிக்குக் கணக்கு எழுதும் பழக்கம் கல்யாணமான நாளிலிருந்து உண்டு. பால் கணக்கு, பூக்காரி கணக்கு, சலவைக் கணக்கு எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் ஏறிவிடும். மாமா தனியார் கம்பெனியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அவருக்கு வயது அறுபத்தாறு, மாமிக்கு அறுபத்திரண்டு. வீடு சொந்தம், கடன் கிடையாது.

போன ஜூன் மாதம் ஒரு நாள் மத்தியானம் நோட்டும் கையுமாக மாமி என்னிடம் வந்தார்.

"ஏண்டிம்மா, எழுதிப் பார்த்தா மாசா மாசம் ஏழாயிரம் மிச்சம். பெட்டியைத் திறந்து பார்த்தா காலணா கிடையாது. நேத்திக்கு பாங்கிலே ஒரு டிபாசிட்டை உடைச்சுட்டு வந்தேன். இது என்ன மாயம்?" என்றார்.

இருவருமாக உட்கார்ந்து கணக்கைப் பார்த்தோம். மாமியின் அனுமதியோடு அதை இங்கே எழுதுகிறேன். ரிடையர் ஆன குடும்பங்கள் பலவற்றில் இதே மாயம்தான் நடக்கிறது.

முதலில் வரவு. சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் மாமா பெயரில் 30 லட்சம். அதற்கு மேல் ஒருவர் போட முடியாது. மாமி பெயரில் 10 லட்சம். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 82,000 ரூபாய் வருகிறது. மாதத்துக்கு 27,300 சொச்சம். பாங்கில் 24 லட்சம், 7 சதவீதம், மாதம் 14,000. மாமாவின் பிராவிடண்ட் பண்ட் பென்ஷன் 4,600 சொச்சம். ஆக ஏறக்குறைய 46,000 ரூபாய்.

செலவு மாதம் 39,000 என்று மாமி எழுதியிருந்தார். மிச்சம் 7,000. கூட்டலில் பிழை இல்லை. ஆனால் மாமி எழுதியது மாதா மாதம் வரும் செலவுகளை மட்டும்தான். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறவற்றை "அது அப்போ பார்த்துக்கலாம்" என்று விட்டிருந்தார். சொத்து வரி, தண்ணீர் வரி, குழாய், மோட்டார் ரிப்பேர், நான்கைந்து வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளையடிக்கும் செலவில் ஒரு பங்கு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 24,000. இருவருக்குமான மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிரீமியம் 60,000. மொத்தம் 84,000. அதைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். சரியாக 7,000!

மிச்சம் என்று எதுவுமே இல்லை. வரப்போகும் செலவின் பங்கைத்தான் மாமி மிச்சம் என்று எண்ணிச் செலவு செய்து வந்தார். ஜூன் மாதம் பிரீமியம் வந்ததும் முதலில் கை வைக்க வேண்டியதாயிற்று.

பிறகு புது நோட்டு ஒன்று எடுத்து மூன்று பத்தி போட்டோம். முதல் பத்தி அத்தியாவசியம், இரண்டாவது வைத்தியம், மூன்றாவது விருப்பம்.

எது அத்தியாவசியம், எது விருப்பம் என்று எப்படிப் பிரிப்பது? ஒரு செலவை மூன்று மாதம் நிறுத்தினால் உடம்பு கெடுமா, வீடு கெடுமா, யாருக்காவது பாக்கி நிற்குமா? கெடும், நிற்கும் என்றால் அது அத்தியாவசியம். இல்லையென்றால் விருப்பம். விருப்பம் என்றால் கூடாத செலவு என்று அர்த்தமில்லை. கை இறுகும் மாதத்தில் முதலில் குறைக்கக் கூடியது, அவ்வளவுதான்.

இதில் சண்டை வராமல் இருக்குமா? பாத்திரம் தேய்க்க வரும் பெண்மணியின் சம்பளத்தை மாமா விருப்பத்தில் போட்டார். "என் முழங்காலுக்குப் பதில் சொல்லுங்கோ" என்றார் மாமி. அது அத்தியாவசியத்துக்கு வந்தது. டிசம்பர் சீசன் கச்சேரி டிக்கெட்டை மாமி அத்தியாவசியத்தில் எழுத, மாமா ஒன்றும் பேசாமல் அடித்து மூன்றாவது பத்திக்கு மாற்றினார். கல்யாணங்களுக்கு எழுதும் மொய் விருப்பத்தில்தான் சேர்ந்தது. ஆனால் அதைத் தட்ட முடியாதே! ஆகவே வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வைத்து, அதற்குள் பகிர்ந்து கொள்வது என்று தீர்மானம்.

கடைசியில் கணக்கு இப்படி நின்றது. மளிகை, பால், காய்கறி, காஸ், கரண்ட், போன், கட்டடப் பராமரிப்பு, வேலைக்காரச் சம்பளம், வருஷச் செலவின் மாதப் பங்கு எல்லாம் சேர்ந்து அத்தியாவசியம் 24,000. வைத்தியம் 10,000. விருப்பம் 12,000. மொத்தம் 46,000. வரவுக்கும் செலவுக்கும் சரி.

சரியாகிவிட்டதே என்று மாமி பெருமூச்சு விட்டார். அங்கேதான் இரண்டாவது சிக்கல்.

வைத்தியத்தைத் தனிப் பத்தியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. அரிசி பருப்பு விலை ஏறும் வேகம் வேறு, வைத்தியச் செலவு ஏறும் வேகம் வேறு. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் எது நம்மை இழுக்கிறது என்று தெரியாது. உங்கள் வீட்டு வேகம் என்ன என்று அறிய, மூன்று வருஷத்துப் பிரீமியம் ரசீதுகளையும் மருந்துக் கடை பில்களையும் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் தனிநபர் மெடிக்கல் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி நீங்கியது. அதற்கு முன் 18 சதவீதம் இருந்தது. ஆகவே பழைய ரசீதுகளில் வரியைக் கழித்துவிட்டு, பிரீமியத்தை மட்டும் ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் பிரீமியம் ஏறவே இல்லை என்று தோன்றும்.

மூத்தவர்களின் பிரீமியத்தை ஒரே வருஷத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் கம்பெனிகள் முதலில் தன்னைக் கலந்து கொள்ள வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. இது ஒரு கடிவாளம். ஏற்றமே இராது என்ற உறுதி அல்ல. ஆகவே மாமியின் கணக்கில் வைத்தியத்துக்கு வருஷம் 10 சதவீதமும், மற்ற அத்தியாவசியங்களுக்கு 5 சதவீதமும் ஏறும் என்று வைத்துக் கொண்டோம்.

ஏழு வருஷம் கழித்து என்ன ஆகும்? 24,000 என்பது 33,800 ஆகிறது. 10,000 என்பது 19,500, ஏறக்குறைய இரட்டிப்பு. இரண்டும் சேர்ந்து 53,300. வரவோ அதே 46,000! அரசாங்கப் பென்ஷனுக்கு அகவிலைப்படி உண்டு. மாமா வாங்கும் பிராவிடண்ட் பண்ட் பென்ஷன் விலைவாசியோடு ஏறுவதில்லை. சேமிப்புத் திட்டத்தின் வட்டியும் ஐந்து வருஷத்துக்கு அப்படியே நிற்கும். அதற்குப் பிறகு அன்றைய வட்டி எதுவோ அது. விருப்பச் செலவு ஒரு பைசா இல்லாமலே மாதம் 7,300 துண்டு விழுகிறது.

ஏழு வருஷம் வரை போவானேன்? 12,000 விருப்பச் செலவு அப்படியே இருந்தால் அடுத்த வருஷமே மாதம் 2,200 துண்டு.

மாமி விருப்பப் பத்தியைப் பாதியாக, ஆறாயிரமாகக் குறைத்தார். கச்சேரி நின்றது, ஹோட்டலும் டாக்ஸியும் குறைந்தன. மீதி ஆறாயிரம் தனி ரெக்கரிங் டிபாசிட்டுக்குப் போகிறது. விலைகள் ஏற ஏற இந்தத் தொகை சுருங்கும். இரண்டு மூன்று வருஷம்தான் சேர்க்க முடியும். அதற்குள் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் சேர்ந்துவிடும். பிற்பாடு பாங்க் முதலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கத்தான் வேண்டும். அதில் தவறில்லை, அதற்காகத்தானே சேர்த்தது? ஆனால் 24 லட்சமும் ஒரே டிபாசிட்டாக இருந்தால் ஐம்பதாயிரத்துக்காக முழுவதையும் உடைத்து, எல்லாவற்றுக்கும் வட்டி இழக்க நேரும். இரண்டிரண்டு லட்சமாகப் பன்னிரண்டு ரசீதாக வைத்தால் உடைப்பது ஒன்றுதான்.

அதில் ஒரு ரசீதின் மேல் 'ஆஸ்பத்திரி' என்று எழுதி வைக்கச் சொன்னேன். "பாலிசி இருக்கே?" என்றார் மாமி. பாலிசியை எடுத்துப் படித்தோம். ஐந்து லட்சம் காப்பு. அறை வாடகை நாளைக்கு 5,000 வரை. ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் நம் பொறுப்பு.

பில் இரண்டு லட்சம் என்று வைத்துக் கொள்வோம். நாம் எடுத்த அறையின் வாடகை நாளைக்கு 8,000. வாடகை வித்தியாசம் மட்டும் நம் தலையில் விழும் என்று நினைப்போம். இப்படிப்பட்ட பாலிசிகளில் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் முதலியவையும் அதே விகிதத்தில் வெட்டுப்படும். மருந்து, பரிசோதனை, உடம்பில் பொருத்தும் கருவி ஆகியவை வெட்டுப்படுவதில்லை. இவை 40,000 என்றால், பாக்கி 1,60,000-இல் எட்டில் ஐந்து பங்கு, அதாவது ஒரு லட்சம்தான் ஒப்புக் கொள்ளப்படும். ஆக 1,40,000. அதில் 20 சதவீதம் 28,000 நம்முடையது. கம்பெனி தருவது 1,12,000. நம் கையிலிருந்து 88,000! 5,000 ரூபாய் அறைக்கே போயிருந்தால் இந்த விகித வெட்டு வந்திராது. அட்மிட் ஆகும்போது மேஜையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எங்கள் பாலிசிக்குள் அடங்கும் அறை எது?" என்பதுதான்.

மாதா மாதம் மாத்திரைக்கு ஆவதில் குறைக்க வழி உண்டு. டாக்டரிடம் மருந்தின் மூலப் பெயரை எழுதித் தரச் சொல்லி, ஜன் ஔஷதி கடையிலோ, 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ விலை கேட்டுப் பார்க்கலாம். மாற்றுவதற்கு முன் டாக்டரின் சம்மதம் அவசியம்.

கடைசியாக ஒரு கேள்வி. வாய்விட்டுக் கேட்கப் பெண்கள் கூசுவோம். ஒருவர் மட்டும் மிஞ்சினால்? மாமாவின் பென்ஷனில் பாதிதான் மாமிக்கு வரும். சாப்பாடும் மருந்தும் குறையும். ஆனால் கட்டடப் பராமரிப்போ சொத்து வரியோ ஒரு ரூபாய்கூடக் குறையாது; துணைக்கு ஆள் வைத்தால் செலவு ஏறவே செய்யும். அதனால் மூன்று பத்திகளையும் 'ஒருவருக்கு' என்று தனிப் பக்கத்தில் எழுதச் சொன்னேன். மாமி தயங்கினார். மாமாவே பேனாவை வாங்கி எழுதினார். எந்த டிபாசிட்டில் யார் நாமினி என்றும் கூடவே எழுதினார். இரண்டு ரசீதுகளில் நாமினி பெயரே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மறுநாளே பாங்குக்குப் போய்ச் சேர்த்துவிட்டார்கள்.

மாமி இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று பிரீமியத்துக்கு ஐயாயிரமும், வரிக்கும் ரிப்பேருக்கும் இரண்டாயிரமும் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றச் செலவைத் தொடுகிறார். "அந்த ஏழாயிரம் கிடைச்சுடுத்துடி" என்று என்னிடம் சொன்னார். "ஆனா அது நம்மதில்லேன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."