குறி எப்போது திரும்பும்?

எலுமிச்சைச் சாற்றின் பி.எச். அளவு ஏறக்குறைய 2. பாலுக்கு 6.6 போல வரும். புளிப்பு எதில் அதிகம் என்று நாக்குக்குத் தெரியும். ஆனால் எண்ணோ எலுமிச்சைக்குத்தான் சின்னது.

இந்த அளவுகோலை 1909-இல் வகுத்தவர் சோரன்சன். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுபான ஆலையை ஒட்டிய ஆய்வகத்தில் வேலை பார்த்த வேதியியலாளர். ஒரு லிட்டர் கரைசலில் ஹைட்ரஜன் அயனிகள் எவ்வளவு இருக்கின்றன என்பதுதான் அவர் அளக்க நினைத்தது. பி.எச். 2 என்றால் அது 0.01 மோல்; பி.எச். 7 என்றால் 0.0000001 மோல். இத்தனை பூஜ்யங்களை யார் எழுதிக்கொண்டிருப்பது? மடக்கை எடுத்தால் அவை −2, −7 என்று சுருங்கிவிடும். கழித்தல் குறி தொந்தரவாக இருந்ததால் அதையும் நீக்கி 2, 7 என்று வைத்துக்கொண்டார்கள். பெரியதைச் சின்னதாகக் காட்டுவது அந்தக் கடைசி வேலைதான். மடக்கை எடுத்தவரை வரிசை மாறவில்லை: 0.01 பெரிது, −2-உம் −7-ஐவிடப் பெரிது. குறியை மாற்றியதும் வரிசை கவிழ்ந்தது.

ஓர் அசமன்பாட்டின் இரண்டு பக்கத்திலும் ஒரே செயலைச் செய்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கான முழுப் பதிலும் இதற்குள் இருக்கிறது. ஒரு எண்ணைக் கொடுத்தால் ஒரு விடை தருவதைச் சார்பு என்கிறோம். கொடுக்கும் எண் கூடக்கூட விடையும் கூடினால் அது ஏறும் சார்பு. கொடுப்பது கூடும்போது விடை குறைந்தால் இறங்கும் சார்பு. ஏறும் சார்பை இரு பக்கமும் போட்டால் குறி அப்படியே நிற்கும். இறங்கும் சார்பைப் போட்டால் திரும்பும்.

‘குறை எண்ணால் பெருக்கினால் குறியைத் திருப்பு’ என்று பள்ளியில் ஒரு விதி சொல்லித்தருகிறார்கள். அது தனி விதியே இல்லை. குறை எண்ணால் பெருக்குவது ஓர் இறங்கும் சார்பு, அவ்வளவுதான். விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர், மடக்கையோ வர்க்கமோ தலைகீழியோ வந்தால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கிறார். காரணத்தைச் சொல்லித்தந்திருந்தால் இந்த இடர் வந்திருக்காது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எலும்பு, இதய ஸ்கேன்களுக்கு நோயாளிக்கு டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஊசி வழியாகச் செலுத்துவார்கள். அதன் அரை ஆயுட்காலம் ஏறக்குறைய 6 மணி நேரம். அதாவது ஒவ்வொரு 6 மணி நேரத்துக்கும் கதிரியக்கம் பாதியாகும். எத்தனை மணி நேரத்துக்குப் பின் அது நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போகும்? (சிறுநீரில் வெளியேறுவதை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. உடலுக்குள் இதைவிட விரைவாகவே குறையும்.) கடந்த நேரத்தை t மணி என்று கொண்டால்,

(0.5)^(t/6) < 0.01

t அடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கீழே இறக்க இரு பக்கமும் 10-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை எடுக்கிறோம். அது ஏறும் சார்பு, எனவே குறி மாறாது. 0.5-இன் மடக்கை −0.301, 0.01-இன் மடக்கை −2.

(t/6) × (−0.301) < −2

அடுத்தது −0.301-ஆல் வகுப்பது. தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். தாளில் ‘log 0.5’ என்று எழுத்தாக விட்டுவிட்டால் அதற்குள் ஒரு கழித்தல் குறி ஒளிந்திருப்பது கண்ணில் படாது. 1-ஐவிடச் சின்ன எந்த மிகை எண்ணின் மடக்கையும் குறை எண்தான். அதனால் வகுத்தவுடன் குறி திரும்ப வேண்டும்:

t/6 > 6.64, அதாவது t > 39.9

ஏறக்குறைய 40 மணி நேரம். சரிபார்ப்பதும் எளிது. 36 மணியில் ஆறு முறை பாதியாகி 64-இல் ஒரு பங்கு நிற்கும். அது 1.56 சதவீதம், இன்னும் கூடுதல். 42 மணியில் 128-இல் ஒரு பங்கு, 0.78 சதவீதம். குறியைத் திருப்பாமல் விட்டவருக்கு t < 39.9 என்று விடை வரும். அதன்படி ஊசி போட்ட நிமிடத்திலேயே, முழு மருந்தும் உடலில் இருக்கும்போதே, கதிரியக்கம் ஒரு சதவீதத்துக்கும் கீழே என்றாகும். இந்த அபத்தமே தவறைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதுவரை பார்த்த சார்புகள் எல்லாம் ஒரே போக்கில் போகிறவை. சிக்கல் தருபவை வழியில் போக்கை மாற்றிக்கொள்கிறவை. வர்க்கம் அப்படிப்பட்டது: பூஜ்யத்துக்கு வலப்பக்கம் ஏறும், இடப்பக்கம் இறங்கும். 2 < 3 என்பதை வர்க்கித்தால் 4 < 9. −5 < −3 என்பதை வர்க்கித்தால் 25 > 9. ஒரு பக்கம் குறை எண், மறுபக்கம் மிகை எண் என்றால் எதுவும் சொல்ல முடியாது: −5 < 3 வர்க்கித்தால் திரும்பும், −2 < 3 திரும்பாது. தலைகீழியும் இதே ரகம். மிகை எண்களுக்குள் அது ஒழுங்காகத் திருப்பும். 120 கிலோமீட்டரை 60 வேகத்தில் போனால் 2 மணி, 40 வேகத்தில் போனால் 3 மணி. ஆனால் பூஜ்யத்தின் இரு பக்கமும் ஆளுக்கு ஒன்றாக எண்கள் இருந்தால் திருப்பாது: −2 < 3, −1/2-உம் 1/3-ஐவிடச் சிறிதுதான்.

இதனால் தேர்வில் மதிப்பெண் போகும் இடம் ஒன்று உண்டு:

√(x+3) < x − 3

பலர் உடனே இரு பக்கமும் வர்க்கித்துவிடுவார்கள். x + 3 < x² − 6x + 9 என்றாகும். சுருக்கினால் (x−1)(x−6) > 0. எனவே x என்பது 1-க்குக் கீழே அல்லது 6-க்கு மேலே என்று எழுதி முடிப்பார்கள். x = −2 போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் 1, வலப்பக்கம் −5. ஒன்று மைனஸ் ஐந்தைவிடச் சிறிதா? இல்லை. வர்க்கமூலம் ஒருபோதும் குறை எண் ஆகாது. அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டிய வலப்பக்கம் மிகை எண்ணாகத்தான் இருக்க முடியும். எனவே x > 3 என்று முதலிலேயே எழுதிக்கொண்ட பிறகே வர்க்கிக்க வேண்டும். அப்போது 1-க்குக் கீழே வந்த போலி விடைகள் தானாக உதிர்ந்து x > 6 மட்டும் மிஞ்சும்.

இன்னொரு வகையையும் சொல்லிவிடுகிறேன். முழு எண்ணாக்குவது குறியைத் திருப்பாது, ஆனால் வேறுபாட்டை விழுங்கிவிடும். 34.6, 34.9 இரண்டும் 35 ஆகிவிடுகின்றன. ‘சிறிது’ என்ற குறி அங்கே ‘சிறிது அல்லது சமம்’ ஆகிறது. படி படியாக ஏறி, இடையில் சமமாக ஓடும் சார்புகளுக்கெல்லாம் இந்தக் கதிதான்.

எனவே இரு பக்கமும் எதைச் செய்யும் முன்பும் இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சார்பு ஏறுகிறதா, இறங்குகிறதா? இரு பக்க எண்களும் இருக்கக்கூடிய பகுதி முழுவதிலும் அது ஒரே போக்கில் போகிறதா? இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று வந்தால், எண்கோட்டைப் போக்கு மாறும் இடத்தில் வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் கணக்கைத் தனித்தனியாகப் போடுங்கள். விடை வந்ததும் அதிலிருந்து ஓர் எண்ணையும் அதற்கு வெளியிலிருந்து ஓர் எண்ணையும் எடுத்து முதல் வரியில் போட்டுப் பாருங்கள்.