அந்த ஒரு ‘எனவே’

பத்தாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. கணிதப் புத்தகத்தின் முதல் அத்தியாயம் மெய்யெண்களைப் பற்றியது. √2 ஒரு விகிதமுறா எண், அதாவது அதை எந்தப் பின்னமாகவும் எழுத முடியாது என்பதற்கான நிரூபணம் அதில் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. பரீட்சைக்குப் படிப்பவர்களில் பலர் அதை நெட்டுருப் போட்டுவிடுவார்கள். 2 இருந்த இடத்தில் 3, 5 என்று போட்டால் √3, √5 பற்றிய கேள்விகளுக்கும் விடை தயார்.

அப்படியானால் 4 என்று போட்டால்? √4 என்பது வெறும் 2. அது விகிதமுறா எண்ணே அல்ல. அதே வரிகளை வைத்து அதையும் ‘நிரூபித்து’விட முடியுமென்றால் நிரூபணத்தில் ஏதோ ஓட்டை இருக்கிறது. முடியாதென்றால், எந்த வரி தடுக்கிறது? நிரூபணத்தை வரிவரியாகப் படித்தால்தான் அது பிடிபடும்.

முதல் வரி ஓர் அனுமானம்: √2 = a/b என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வரி, a, b இரண்டுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை என்கிறது. இதற்கு யார் அனுமதி கொடுத்தது? 12/18 என்ற பின்னத்தை 6/9 ஆக்கலாம், அதை 2/3 ஆக்கலாம். ஒவ்வொரு முறையும் எண்கள் சிறியதாகின்றன. முழு எண்கள் 1-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போக முடியாது என்பதால் சுருக்குவது எங்கோ நின்றே ஆக வேண்டும். நின்ற இடத்தில் இருக்கும் பின்னத்தைத்தான் புத்தகம் கையில் எடுக்கிறது.

இருபுறமும் வர்க்கப்படுத்தினால் 2b² = a². ஆகவே a² என்பது 2-ஆல் வகுபடும். இதுவரை சிக்கலில்லை.

அடுத்து வருகிறது அந்த வரி: எனவே a-யும் 2-ஆல் வகுபடும்.

மீதி எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. a = 2c என்று எழுதினால் 2b² = 4c²; அதாவது b² = 2c². மறுபடியும் அதே ‘எனவே’: b-யும் 2-ஆல் வகுபடும். பொதுக் காரணியே இல்லாத இரண்டு எண்களுக்கு 2 பொதுக் காரணியாகிவிட்டது. முரண்பாடு, அனுமானம் தவறு, நிரூபணம் முடிந்தது.

இப்போது 4-ஐப் போட்டுப் பார்க்கலாம். 4b² = a² என்பதால் a² என்பது 4-ஆல் வகுபடும்; சரி. எனவே a-யும் 4-ஆல் வகுபடுமா? 6-இன் வர்க்கம் 36. அது 4-ஆல் வகுபடுகிறது, 6 வகுபடவில்லை. சங்கிலி அறுவது இந்த ஒரே கண்ணியில்தான். 12-ஐப் போட்டாலும் இங்கேதான் அறுகிறது: 36 என்பது 12-ஆல் வகுபடும், 6 வகுபடாது. ஆனால் √12 என்பது 2√3. அது உண்மையிலேயே விகிதமுறா எண்தான். ஆக, நிரூபணம் உடைந்ததாலேயே கூற்று பொய்யாகிவிடாது. அந்த வழியில் போக முடியாது, அவ்வளவுதான்.

2-க்கு மட்டும் என்றால் அந்த ‘எனவே’யைச் சுலபமாகச் சரிபார்க்கலாம். ஒற்றைப்படை எண்ணின் வர்க்கம் ஒற்றைப்படை. ஆகவே வர்க்கம் இரட்டை என்றால் எண்ணும் இரட்டை. 3-க்கு, மீதி 1 வரும் எண்கள், மீதி 2 வரும் எண்கள் என்று இரண்டு வகையைப் பார்க்க வேண்டும். 5-க்கு நான்கு வகை. 97-க்கு 96 வகை. இந்த வேலையை ஒரேயடியாக முடிக்கத்தான் புத்தகம் முன்கூட்டியே ஒரு தேற்றத்தை வைத்திருக்கிறது: p ஒரு பகா எண்ணாக இருந்து, a² என்பது p-ஆல் வகுபட்டால், a-யும் p-ஆல் வகுபடும். 4, 12 இரண்டும் பகா எண்கள் அல்ல. அதனால் இந்தத் தேற்றம் அவற்றுக்குத் துணை வராது.

அந்தத் தேற்றம் எதன்மேல் நிற்கிறது என்று பின்னால் புரட்டினால், ‘எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம்’ எதிர்ப்படுகிறது. 1-ஐவிடப் பெரிய எந்த முழு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக எழுதலாம். வரிசை மாறலாமே தவிர, அப்படி எழுத ஒரே வழிதான் உண்டு. 21 = 3 × 7 என்றால் 21-இன் வர்க்கம் 3 × 3 × 7 × 7. வர்க்கத்தில் இருக்கும் பகா எண்கள் எல்லாம் 21-இலிருந்து வந்தவையே. புதிதாக ஒன்று நுழைய இடமில்லை.

‘ஒரே வழி’ என்பதைக் கேட்டதும், இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். கணித மேதை டேவிட் ஹில்பர்ட்டின் பெயரால் வழங்கும் ஓர் எண் கூட்டம் அந்த எண்ணத்தைக் கலைத்துவிடும். 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: 1, 5, 9, 13, 17, 21 என்று. இதில் எந்த இரண்டைப் பெருக்கினாலும் விடை இந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருக்கும். ஆனால் 3, 7 இரண்டும் இங்கே கிடையாது. ஆகவே 9, 21, 49 மூன்றையும் இதற்குமேல் உடைக்க முடியாது. இந்தக் கூட்டத்தில் அவைதான் பகா எண்கள். இப்போது 441-ஐப் பாருங்கள். அது 21 × 21. அதுவே 9 × 49-உம் கூட. ஒரே எண்ணுக்கு இரண்டு வழி. 21-இன் வர்க்கம் 9-ஆல் வகுபடுகிறது; 21 வகுபடவில்லை. √2 நிரூபணத்தின் அந்த ‘எனவே’ இங்கே பொய்.

சாதாரண முழு எண்களில் மட்டும் அது ஏன் மெய்யாகிறது? பத்தாம் வகுப்புப் புத்தகம் அடிப்படைத் தேற்றத்தை நிரூபிக்காமல் தந்துவிடுகிறது. இதன் முழுமையான நிரூபணத்தை 1801-இல் வெளியான தம் நூலில் தந்தவர் காஸ். வேறு புத்தகத்தில் அந்த நிரூபணத்தைத் தேடிப் படிப்பவருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். வழக்கமான நிரூபணம், ஒரு பெருக்கல் பகா எண்ணால் வகுபட்டால் பெருக்கிய இரண்டில் ஒன்றாவது அதனால் வகுபடும் என்பதைப் பயன்படுத்துகிறது. பள்ளிப் புத்தகத்தின் தேற்றமும் இதன் ஒரு வகைதான். ஆக, வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோமா?

இல்லை. யூக்ளிடின் ‘எலிமெண்ட்ஸ்’ ஏழாம் நூலில் 30-ஆவது கூற்றாக இருக்கும் இந்தச் செய்தியை, அடிப்படைத் தேற்றத்தைத் தொடாமலே நிரூபிக்கலாம். 10 × b என்பது 7-ஆல் வகுபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 வகுபடாது. 10-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3. 7-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1. இந்த இரண்டு வகுத்தல்களையும் பின்னோக்கிச் சேர்த்தால் 3 × 7 − 2 × 10 = 1 என்று கிடைக்கும். இருபுறமும் b-ஆல் பெருக்கினால் 21b − 20b = b. 21b என்பது 7-ஆல் வகுபடும். 10b வகுபடுவதால் 20b-யும் வகுபடும். வித்தியாசமான b-யும் வகுபட்டே ஆக வேண்டும். 7-க்குப் பதில் எந்தப் பகா எண்ணை வைத்தாலும், அதனால் வகுபடாத எந்த எண்ணை 10-க்குப் பதில் வைத்தாலும் இதே கணக்கு நடக்கும்.

இதற்குத் தேவைப்பட்டதெல்லாம் மீதியோடு வகுப்பதும், கழிப்பதும்தான். ஹில்பர்ட் கூட்டத்தில் அந்தக் கழித்தல்தான் இல்லை: 9-இலிருந்து 5-ஐக் கழித்தால் 4, அது அந்தக் கூட்டத்தின் எண் அல்ல. முழு எண்களிலோ, வகுக்க வகுக்க மீதி சிறுத்துக்கொண்டே வந்து எங்கோ நின்றே ஆக வேண்டும். 12/18-ஐச் சுருக்கும்போது நம்மை 2/3-இல் நிறுத்தியதும் இதே காரணம்தான்.