வெட்டுக்கோட்டின் இரு பக்கம்

ஓர் அணியில் உள்ள எண்களை இடம் மாற்றி, நடுவில் ஒரு வெட்டுக்கோடு போட வேண்டும். கோட்டுக்கு இடப்பக்கம் நிற்கும் எந்த எண்ணும் வலப்பக்கத்து எண் எதையும்விடப் பெரிதாக இருக்கக் கூடாது. ஒரே பக்கத்துக்குள் எண்கள் எப்படிக் கலந்திருந்தாலும் பரவாயில்லை. பிரிப்பு எனப்படும் இந்த வேலைக்கு நேர்த்தியான வழி கண்டவர், 1934இல் கொழும்பில் பிறந்த ஆங்கிலேயர் டோனி ஹோர். 1959இல் மாஸ்கோவில் படித்தபோது, ரஷ்ய வாக்கியங்களைக் கணினியால் மொழிபெயர்க்கச் சொற்களை அகரவரிசைப்படுத்த வேண்டியிருந்தது. அந்தத் தேடலில் பிறந்ததே குயிக்சார்ட். அதன் உயிர்நாடி இந்தப் பிரிப்பு. இரண்டும் 1961இல் அச்சாயின.

முதலில் அணியிலிருந்து ஒரு மதிப்பைப் பிவட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும். வலக்கோடியிலிருந்து ஒரு சுட்டி உள்நோக்கி வரும். பிவட்டைவிடப் பெரிய எண்களைத் தாண்டிவிட்டு, பெரிதல்லாத எண்ணில் நிற்கும். இடக்கோடியிலிருந்து வரும் சுட்டி சிறியவற்றைத் தாண்டி, சிறிதல்லாததில் நிற்கும். இரண்டும் இன்னும் சந்திக்கவில்லை என்றால், அவை நிற்கும் எண்களை இடம் மாற்றிவிட்டு, இரண்டும் ஓரடி நகர்ந்து தேடலைத் தொடரும். சந்தித்தாலோ தாண்டிப்போனாலோ, வலச்சுட்டி நிற்கும் இடத்துக்கு அடுத்து கோடு விழும்.

ஏழு எண்கள், பிவட் முதல் எண்ணான 5:

```
5 2 8 5 1 9 3
3 2 8 5 1 9 5
3 2 1 5 8 9 5
```

முதல் சுற்றில் வலக்கோடி 3-உம் இடக்கோடி 5-உம் இடம் மாறின. அடுத்து வலச்சுட்டி 9-ஐத் தாண்டி 1-இலும், இடச்சுட்டி 2-ஐத் தாண்டி 8-இலும் நின்றன, அவையும் மாறின. மூன்றாம் சுற்றில் இரண்டும் நடுவிலுள்ள 5-இல் சந்தித்தன. இடப்பக்கம் 3 2 1 5, வலப்பக்கம் 8 9 5. பிவட்டுக்குச் சமமான 5 இரு பக்கமும் இருக்கிறது. நிபந்தனை அதற்கு இடம் கொடுக்கிறது.

சமமான எண்ணில் சுட்டிகள் நிற்பது முதல் பார்வைக்கு வீண் வேலைதான். ஆயிரம் எண்களும் ஒன்றாகவே இருந்தால் மாற்றங்கள் எதையும் மாற்றுவதில்லை. ஆனால் அதனால்தான் கோடு சரிபாதியில் விழுகிறது. சமமானவற்றையும் தாண்டினால் வலச்சுட்டி அணியின் எல்லைக்கு வெளியே ஓடிவிடும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் தள்ளும் முறைகளில் ஒவ்வொரு சுற்றும் ஓர் எண்ணை மட்டுமே குறைக்கும். வரிசைப்படுத்தி முடிக்க ஏறக்குறைய ஐந்து லட்சம் ஒப்பீடுகள் ஆகும்.

இன்னொரு பொறி, கடைசி எண்ணைப் பிவட்டாக எடுப்பது. 1, 2 என்ற அணியில் பிவட் 2 ஆனால் இரு சுட்டிகளும் 2-இலேயே சந்திக்கும். முழு அணியும் இடப்பக்கம் ஆகிவிடும், வலப்பக்கம் காலி. குயிக்சார்ட் அதே அணியை மறுபடி மறுபடி அழைத்து, நினைவகம் தீர்ந்து நின்றுவிடும். பெரிய சோதனைகளில் இந்தப் பிழை தப்பிவிடக்கூடும். எனவே இரண்டே எண் கொண்ட அணியையும் எல்லாம் சமமான அணியையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் காலியாக இல்லாமல், இடப்பக்கத்தின் பெரிய எண் வலப்பக்கத்தின் சிறிய எண்ணைத் தாண்டாமல் இருந்தால் பிரிப்பு சரி.